மழை பெய்தால் வேகம் குறையும் வெளிப்புறக் கேபிள்: உங்கள் அனுபவங்கள்

செம்மண்:
எங்கள் வளாகத்தின் முதன்மைக் கட்டடத்திலிருந்து தோட்டத்தின் மறுகோடியில் இருக்கும் சிறிய அறைக்கு, ஏறத்தாழ 70 மீட்டர் தூரத்துக்குக் கேட் 6 கேபிள் ஒன்று செல்கிறது. முதல் பத்து மீட்டர் வெயில் படும் சுவரின் மீதும், மீதித் தூரம் மண்ணில் புதைத்த பிவிசி பைப்புக்குள்ளும் போகிறது. வறண்ட நாட்களில் இணைப்பு 1000 எம்பிபிஎஸ் வேகத்தில் நிற்கிறது. நல்ல மழை பெய்த மறுநாள் ரவுட்டரில் பார்த்தால் இப்படிக் காட்டுகிறது:

```
ethtool eth0 | grep Speed
	Speed: 100Mb/s
```

வெயில் படும் பக்கத்தில் மேலுறை வெளுத்து, விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல் தூள் ஒட்டுகிறது; வளைத்தால் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. கேபிளை முழுவதுமாக மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். ஆனால் கடையில் காட்டிய எல்லாவற்றின் மீதும் ‘அவுட்டோர்’ என்றே எழுதியிருக்கிறது. இவற்றுள் எதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுவழி:
பைப்புக்குள் போட்டிருக்கிறீர்கள் என்றால் மண்ணுக்குள் இருக்கும் பகுதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சுவரில் இருக்கும் பத்து மீட்டரை மட்டும் கறுப்பு நிறக் கேபிளாக மாற்றி, நடுவில் ஒரு இணைப்பான் போட்டுவிடுங்கள். கறுப்பு நிறம் வெயிலைத் தாங்கும். எங்கள் இடத்தில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய பணியாள்:
நண்பர் நெடுவழி சொன்னதில் பாதி சரி. வெளிப்புறக் கேபிள் கறுப்பாக இருப்பதற்குக் காரணம், அதன் பாலிஎத்திலீன் மேலுறையில் கலக்கப்படும் நுண்ணிய கார்பன் கரி. அதுதான் புற ஊதாக் கதிரை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஆனால் கறுப்புச் சாயம் ஏற்றிய சாதாரண பிவிசி மேலுறையும் பார்வைக்கு அதேபோலத்தான் இருக்கும். வெயிலில் கிடக்கும்போது பிவிசியை வளையவைக்கும் நெகிழ்வூட்டிப் பொருள் மெல்ல வெளியேறிவிடுகிறது, மேலுறை விறைத்து வெடிக்கிறது. செம்மண் பார்த்த தூளும் வெடிப்பும் இந்தச் சிதைவின் அடையாளங்கள்.

கடையில் ஒரு சாண் துண்டு வெட்டித் தரச் சொல்லி, உள்ளிருக்கும் கம்பிகளை உருவிவிட்டு, வெறும் மேலுறையை நீளவாக்கில் பிளந்து ஒரு குவளைத் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழி ஒட்டாதபடி ஒருமுறை அழுக்கிவிட்டுப் பாருங்கள். பாலிஎத்திலீன் மிதக்கும், பிவிசி மூழ்கும். மிதந்தால் மட்டும் வெயிலைத் தாங்கும் என்று ஆகிவிடாது என்பதால், மேலுறை நெடுக அச்சிட்டிருக்கும் எழுத்தையும் படிக்க வேண்டும். ‘சன்லைட் ரெசிஸ்டன்ட்’ என்பது வெயிலுக்கு மட்டுமான சான்று; ‘டைரக்ட் பரியல்’ என்பது மண்ணில் நேராகப் புதைக்கலாம் என்பதற்கானது. முதலாவது இருக்கும் கேபிளுக்குள் தண்ணீரைத் தடுக்க எதுவுமே இல்லாமல் இருக்கலாம். உங்கள் தடத்துக்கு இரண்டும் தேவை.

இனி பைப்பைப் பற்றி. மண்ணுக்குள் இருக்கும் பைப் காலப்போக்கில் ஈரமான இடமாகிவிடும். மூட்டுகளில் கசியாவிட்டாலும், பகலில் உள்ளே போகும் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்து நீராகப் படிந்து, தாழ்வான பகுதியில் தேங்குகிறது. அமெரிக்க மின் விதித்தொகுப்பு நிலத்தடிப் பைப்பின் உட்புறத்தையும் ஈரமான இடம் என்றே கணக்கில் வைக்கிறது. நான் இழுத்து வெளியே எடுத்த பழைய கேபிள்களில் நடுப்பகுதி சொட்டச்சொட்ட வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கார்முகில்:
இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கம்பியே போடாதீர்கள். பக்கத்தில் இடி விழுந்ததில் எங்களுக்கு இரு முனை ஸ்விட்ச்களும் போய்விட்டன. அதன் பிறகு ஆப்டிகல் ஃபைபருக்கு மாறிவிட்டோம். மின்கம்பத்திலிருந்து தொங்கவிடுவதாக இருந்தால் எஃகுத் தாங்குகம்பி சேர்ந்த வகையும் கிடைக்கிறது.

செம்மண்:
கார்முகில் ஐயா, எங்களுடையது தொங்கும் தடம் அன்று. மேலும் அந்த அறையில் தனி மின்சாரம் இல்லாததால், அக்சஸ் பாயிண்ட் இதே கேபிளின் வழியாகத்தான் மின்சாரம் பெறுகிறது. அதனால் ஃபைபருக்குப் போக முடியாது. பழைய பணியாள் ஐயாவிடம் ஒரு கேள்வி: மேலுறை வெடித்திருப்பது சுவரில்தான். அப்படியிருக்க, கேபிள் முழுவதும் கெட்டுவிட்டதாக ஏன் கொள்ள வேண்டும்?

பழைய பணியாள்:
வெடிப்பில் நுழையும் நீர் அங்கேயே நிற்பதில்லை. முறுக்கிய இணைகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகள் திரிபோல நீரை உறிஞ்சி, மேலுறைக்குள்ளேயே நெடுந்தூரம் கொண்டுபோகும். நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80, கம்பியின் மீதுள்ள பாலிஎத்திலீனுக்கோ 2.3 அளவுதான். ஆகவே இடுக்குகளில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்தவுடன் இணையின் கொண்மம் கூடுகிறது, மின்மறுப்பு குறைகிறது, சமிக்ஞை வழியிலேயே தேய்கிறது. 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு இணைகளும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். அதனால்தான் இணைப்பு அறுபடாமல் வேகம் மட்டும் இறங்குகிறது. `ethtool -S eth0` கட்டளையில் சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை மழைக்குப் பின் ஏறுகிறதா என்று பாருங்கள். இதில் மின்சாரமும் போவதால், ஈரம் எட்டிய பிளக்கின் ஊசிகள் அரித்துப் பச்சை பிடிக்கும்.

நீரைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் இணைகளைச் சுற்றி ஜெல் நிரப்பியிருக்கும். மற்றொன்றில் நீர் பட்டவுடன் ஊதி வழியை அடைக்கும் நாடா சுற்றியிருக்கும். நாடா கையைக் கறைப்படுத்தாது, பிளக் மாட்டுவதும் எளிது. ஆனாலும் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் பைப்புக்கு நான் ஜெல்லைத்தான் நம்புவேன்.

மேல்தளம்:
எனக்கு ஜெல்லோடு கசப்பான அனுபவம் உண்டு. மொட்டைமாடிக் கம்பத்திலிருந்து நேர் கீழாக இறங்கும் தடத்தில் கோடையில் ஜெல் இளகி, கீழே ரேக்கில் இருந்த ஸ்விட்ச்சின் போர்ட்டுக்குள் வழிந்தது. அதைத் துடைத்தெடுப்பது பெரும்பாடு. அன்று முதல் நாடா வகையைத்தான் வாங்குகிறேன், இதுவரை குறை எதுவும் இல்லை. பழைய பணியாள் சொல்வதை நான் முழுவதுமாக ஏற்கவில்லை.

பழைய பணியாள்:
உங்கள் தடம் செங்குத்தானது, மேல்தளம். செம்மண்ணுடையது மண்ணில் படுத்துக் கிடப்பது. கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு பெட்டி வைத்து, அதில் கேபிளை முடித்துவிட்டால் ஜெல் ஸ்விட்ச் வரை வராது. வேறொரு காரணத்துக்காகவும் அங்கே முடிப்பது நல்லது: பாலிஎத்திலீன் மேலுறை தீப்பிடித்தால் எளிதில் பரவும். அமெரிக்க விதியில், தீத்தடுப்புச் சான்றில்லாத வெளிப்புறக் கேபிளைக் கட்டடத்துக்குள் 50 அடிக்கு மேல் வெறுமனே கொண்டுபோகக் கூடாது. பெட்டிக்குள் ஜாக்கில் முடித்து, கார்முகில் நினைவூட்டிய இடிக்காகச் சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்றை நில இணைப்போடு அங்கேயே வைத்து, உள்ளே சாதாரணக் கேபிளில் தொடருங்கள். ஜெல்லைத் துணியால் வழித்துவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் ஜாக்கில் கம்பி நன்றாகப் பதியும். தடித்த மேலுறை சாதாரண ஆர்ஜே 45 பிளக்குக்குள் நுழையாது என்பதால் பிளக்கோடு போராட வேண்டாம்.

செம்மண்:
மாற்றி முடித்தாயிற்று. நடுவில் இணைப்பான் எதுவும் இல்லாமல், வெயில், புதைப்பு ஆகிய இரண்டு அச்சுகளும் உள்ள, ஜெல் நிரப்பிய, முழுச்செம்புக் கம்பி கொண்ட கேபிளையே ஒரே நீளமாகப் போட்டோம். சுவரில் நுழையும் துளைக்கு முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றியிருப்பதால், வழியும் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடுகிறது. பழைய கேபிளை உருவியபோது, வெடிப்பிலிருந்து வெகுதூரம் தள்ளி வெட்டிய இடத்திலும் இணைகள் ஈரமாகவே இருந்தன. அதற்குப் பிறகு பெய்த மழைகளில் வேகம் 1000லிருந்து இறங்கவில்லை, பிழைக் கணக்கும் ஏறவில்லை.

நெடுவழி:
வாழ்த்துகள். ஆனால் எலி கடித்தால் எந்த ஜெல்லும் காப்பாற்றாது. எஃகு நாடாக் கவசம் உள்ளதை வாங்கியிருக்கலாமே?

பழைய பணியாள்:
கவசம் இருந்தால் அதை நிலத்தோடு இணைக்க வேண்டும். இரு முனைகளிலும் இணைத்தால் இரண்டு இடங்களின் நில மின்னழுத்த வேறுபாட்டால் கவசத்தில் மின்னோட்டம் ஓடக்கூடும். ஒரே முனையில் இணைத்தால் இடிக்கு முழுப் பாதுகாப்பு இல்லை. இதில் எங்கள் குழுவுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. செம்மண்ணின் பைப் உடையாமல் இருப்பதால், அதன் இரு வாய்களையும் அடைத்து எலியைத் தடுப்பதையே நான் முதலில் செய்வேன்.