மாணிக்கவாசகர் சுந்தரருக்கு முந்தியவரா?

களியக்காவிளை வாசகர்: சுந்தரர் பாடிய ‘பொய்யடிமை இல்லாத புலவர்’ மாணிக்கவாசகர்தானே? அப்படியானால் அவர் சுந்தரருக்கு முந்தியவர் அல்லவா?

தக்கலை ஆசிரியர்: அந்தத் தொடருக்கு நம்பியாண்டார் நம்பி கபிலர், பரணர், நக்கீரர் முதலிய சங்கப் புலவர்கள் என்றே பொருள் கொண்டார். வாதவூரரான மாணிக்கவாசகரின் திருக்கோவையாரையும் அவர் அறிந்திருந்தார். வேறொரு நூலில் அதைப் பாடியிருந்தும், அவரை இந்தத் தொடரோடு சேர்க்கவில்லை. திருக்கோவையாரின் 306, 327ஆம் பாடல்களில் வரகுணன் என்ற பாண்டியன் பெயர் வருகிறது. ஆகவே, நூல் அந்த அரசனுக்கு முந்தியதாக இருக்க முடியாது. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலைக் கல்வெட்டு, சக ஆண்டு 792ஐ, அதாவது கி.பி. 870ஐ, வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு என்கிறது. அவன் 862 அல்லது 863இல் முடிசூடியிருக்க வேண்டும்.

செங்கோட்டை அன்பர்: ஐயா, கோவையின் மொழி சங்க நடையை ஒத்திருக்கிறதே, அதை எப்படி ஒன்பதாம் நூற்றாண்டில் வைப்பீர்கள்?

தக்கலை ஆசிரியர்: அகத்துறை பாடுபவர் பழைய நடையை விரும்பியே எடுத்தாள்வார். திருவாசகத்திலோ ‘நானார் என் உள்ளமார்’ என்று, சங்க நூல்களின் ‘யான்’ போலன்றி, ‘நான்’ இயல்பாக வருகிறது. இது சங்க காலத்தை விலக்கலாமே தவிர, நூற்றாண்டைச் சொல்லாது.

பாறசாலை வாசகி: எங்கள் தறவாட்டில் கோவையார் ஏடு ஒன்று இருக்கிறது. கடைசி ஓலையில் ‘௲௨௰௧ தை மாதம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் 1021ஆம் ஆண்டு ஏடு அல்லவா?

தக்கலை ஆசிரியர்: அம்மா, நம் பகுதியில் அது பெரும்பாலும் கொல்லம் ஆண்டுதான். 825ஐக் கூட்டினால் 1846 தை என்று வரும். அது படி எடுத்த நாள். நூல் பிறந்த நாள் அன்று.

செங்கோட்டை அன்பர்: அது சரி. ஆனால் வரகுணர் இருவர் ஆயிற்றே! முதலாமவன் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவன் என்றால், சுந்தரர் வாதவூரரைப் பற்றிப் பாடாததற்குச் சமகாலத்தவர் என்பதே காரணமாகலாம். மேலும், 306இல் வரும் ‘ஏத்து சிற்றம்பலம்’ வினைத்தொகை. அரசன் இறந்து நூறாண்டு கழித்தும் அப்படிப் பாடலாம்.

தக்கலை ஆசிரியர்: வினைத்தொகை பற்றிச் சொன்னது முற்றிலும் சரி, அதை வைத்து நான் சமகாலம் என்று வாதாட மாட்டேன். 327இல் ‘சிற்றம்பலம் புகழும்’ என்கிறார். ‘செய்யும்’ என்னும் எச்சம் இறந்த காலம் காட்டாது. பாடும்போது அரசன் உயிரோடு இருந்தான் என்று நான் கருதுவது அதனால்தான். எந்த வரகுணன் என்பதை மட்டும் இந்தச் சொல் தீர்க்காது. ஏட்டில் ‘புகழ்ந்த’ என்று பாடம் இருந்தால் என் கருத்து விழுந்துவிடும். அம்மா, உங்கள் ஏட்டைப் பாருங்களேன்.

பாறசாலை வாசகி: விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். புள்ளி ஒன்றும் இடாததால் ‘பலமபுகழும’ என்று இருக்கிறது. ‘ந’வும் இல்லை, ‘த’வும் இல்லை.