மெஸ் சாப்பாட்டில் இருந்துகொண்டே கொலஸ்ட்ராலைக் குறைக்க முடியுமா?

செல்வி_கொழிஞ்சாம்பாறை
என் வீட்டுக்காரருக்கு 41 வயது. வளைகுடாவில் கம்பி கட்டும் வேலை. கம்பெனி கேம்பில் ஒரு அறைக்கு எட்டுப் பேர், மூன்று வேளையும் மெஸ். அறையில் அடுப்பு வைக்கக் கூடாது, எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஃப்ரிட்ஜ் மட்டும் உண்டு. போன வாரம் கிளினிக்கில் ரத்தம் பார்த்ததில் மொத்தம் 6.5, எல்.டி.எல் 4.1, ஹெச்.டி.எல் 0.93, ட்ரைகிளிசரைடு 3.3 என்று வந்திருக்கிறது. என் மாமனார் 52 வயதில் மாரடைப்பில் போனவர். போடுவதைத்தான் சாப்பிட முடியும் என்கிற இடத்தில் இவர் என்ன செய்வது?

ராஜா_புளியரை
தங்கச்சி, நான் அதே மாதிரி கேம்பில் இருந்துதான் 46 வயதில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். மெஸ்ஸில் நாம் சொல்வது எதுவும் நடக்காது. ஐந்நூறு பேருக்கு ஆக்குகிறவன் ஒருத்தனுக்காக எண்ணெயைக் குறைப்பானா? அப்பாவுக்கு 52 வயதில் வந்திருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். டாக்டரைப் பார்த்து மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பேச்செல்லாம் நேரத்தைத்தான் தின்னும்.

ஏலக்காடு_குமுளி
எனக்குப் போன மாதம் 228 வந்தது. 200க்குள் இருக்கணும் என்றார்கள். உங்களுக்கு வெறும் 6.5, 4.1 தானே அக்கா? இதற்கு எதற்குப் பயம்?

சிஸ்டர்_கூடலூர்
குமுளித் தம்பி, அது வேறு அளவு. அங்கே பல லேப்களில் மில்லிமோலில் எழுதுவார்கள், நம் ஊரில் மில்லிகிராம். கொலஸ்ட்ராலை 38.7ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். 6.5 என்பது சுமார் 252. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல் 4.1 என்பது 159. உங்கள் 228ஐ விட இவருக்கு அதிகம். ட்ரைகிளிசரைடுக்கு மட்டும் 88.5ஆல் பெருக்கணும், அது 292 ஆகிறது. நல்ல கொலஸ்ட்ரால் என்கிற ஹெச்.டி.எல் 36 தான், ஆண்களுக்கு 40க்கு மேல் இருப்பது நல்லது. நான் அங்கே கிளினிக்கில் வேலை பார்த்தபோது '4தானே, சின்ன நம்பர்' என்று ரிப்போர்ட்டை மடித்துப் பையில் போட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செல்வி, ரெண்டு விஷயம் கேட்கணும். டீ குடித்துவிட்டு ரத்தம் கொடுத்தாரா? மெஸ் தவிர வெளியே என்ன சாப்பிடுகிறார்?

செல்வி_கொழிஞ்சாம்பாறை
காலையில் டீயும் பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார் சிஸ்டர். சைட்டில் கரக் டீ நாலு ஐந்து தடவை, வெயிலில் கூல்டிரிங்ஸ். ஊரிலிருந்து யாராவது போனால் நான் நேந்திரங்காய் சிப்ஸ், அச்சு முறுக்கு, பீஃப் வறுவல் கொடுத்தனுப்புவேன். அதுதான் அவருக்கு ராத்திரி துணை. சிகரெட் இல்லை. பிரஷர் நார்மல்.

தேங்காய்ப்பட்டணம்_ஜோ
மெஸ்ஸில் ஊற்றுவது பாமாயில். அதுதான் விஷம். ஒரு பாட்டில் செக்குத் தேங்காய் எண்ணெய் கொடுத்துவிடுங்கள், சோற்றில் விட்டுச் சாப்பிடட்டும். எங்கள் கடற்கரையில் தாத்தா காலத்திலிருந்து தேங்காய்தான், யாருக்கும் நெஞ்சு வலி கிடையாது. தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள்.

சிஸ்டர்_கூடலூர்
ஜோ, ஏற்றுவது உண்மை. ஆனால் கூடவே எல்.டி.எல்லையும் ஏற்றுகிறது. பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு என்றால் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அதுதான். பாமாயிலுக்கு மேல் இதையும் ஊற்றினால் இரட்டைச் சுமை. உங்கள் தாத்தா கூட்டுக்குத் துருவின தேங்காயும் மீனும் சாப்பிட்டு வலை இழுத்தவர். இந்த மனிதர் வறுத்த சிப்ஸ் பாக்கெட்டைப் படுத்துக்கொண்டே காலி பண்ணுகிறார்.

மெஸ்_மணி_பாலக்காடு
நான் கேம்ப் மெஸ்ஸில் பல வருஷம் சமைத்தவன், அதனால் ராஜா அண்ணன் சொன்னதற்குப் பதில் சொல்கிறேன். எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் குறைக்க மாட்டோம், உண்மை. மசாலாவில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கவில்லை என்றால் வரிசையில் நிற்கிற பசங்களே 'இன்றைக்கு கறி வெறும் தண்ணி' என்று கத்துவார்கள். ஆனால் அந்த எண்ணெய் எங்கே போகிறது தெரியுமா? பெரிய அண்டாவில் மேலே ஒரு விரல் கனத்துக்குச் சிவப்பாக நிற்கும். முதலில் வருகிறவன் தட்டில் அதுதான் விழும். கடைசியில் வருகிறவனுக்கு அடிமசாலா.

நான் தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுத்தது இது. கரண்டியால் மேல் எண்ணெயை ஓரமாகத் தள்ளி, துண்டைக் கரண்டி விளிம்பில் சாய்த்து வடியவிட்டுப் போடுவேன். குழம்பை ஒரு கரண்டியோடு நிறுத்துவேன். பரிமாறுகிறவனிடம் அன்பாகச் சொன்னால் செய்வான். கேட்கிறவன் எண்ணெய் வேண்டாம் என்கிறான், அவனுக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்று. ராத்திரிக் கறியை வாங்கி, மூடி போட்ட அகலமான டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கச் சொல்லுங்கள். குளித்து, துணி துவைத்து முடிப்பதற்குள் பாமாயிலும் கோழிக் கொழுப்பும் மேலே மஞ்சளாக உறைய ஆரம்பித்திருக்கும். அதை ஸ்பூனால் வழித்துப் போட்டுவிட்டு மெஸ் ஓவனில் நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடலாம். கறியின் சுவை அப்படியே இருக்கும்.

ராஜா_புளியரை
மணி, நீ சொல்வது நல்ல யுக்திதான். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் கம்பி கட்டிவிட்டு வருகிறவன் டப்பாவை உறைய வைத்து வழித்துக்கொண்டு இருப்பானா? ரெண்டு நாள் செய்வான், மூன்றாம் நாள் பசியில் அப்படியே தின்பான். அது மட்டுமா, எண்ணெயை எல்லாம் எடுத்துவிட்டால் உடம்புக்குச் சக்தி எங்கிருந்து வரும்?

சிஸ்டர்_கூடலூர்
அண்ணா, உழைப்பாளிக்கு நிறையச் சக்தி வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அது எண்ணெயிலிருந்துதான் வரணும் என்று இல்லை. ஒரு மேசைக்கரண்டி பாமாயிலில் 6 கிராம் போல நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. இவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 18, 20 கிராமுக்குள் நிற்கணும். காலைப் பரோட்டா, டின் பால் கரக் டீ, கறி மேல் எண்ணெய், ராத்திரி சிப்ஸ், நாலையும் கூட்டினால் தாராளமாகத் தாண்டிவிடும். இதில் கறியை மட்டும்தான் மெஸ் தீர்மானிக்கிறது. மற்றதில் பெரும்பாலும் இவர் கைதான்.

காலையில் பரோட்டாவுக்குப் பதில் குப்பூஸ் ரொட்டி எடுக்கட்டும், அதில் எண்ணெய் ரொம்பக் குறைவு. மத்தியானத்தில் ரெண்டாம் தடவை சோறு வாங்குவதற்குப் பதில் ரெண்டாம் தடவை பருப்போ கொண்டைக்கடலையோ ராஜ்மாவோ வாங்கட்டும். அதில் சக்தியும் இருக்கிறது, எல்.டி.எல்லைப் பிடித்து இறக்குகிற நாரும் இருக்கிறது. கோழி என்றால் தோலை எடுத்துவிடணும். மத்தி, சூரை வருகிற நாளில் தாராளமாகச் சாப்பிடலாம், பொரித்தது வேண்டாம்.

அப்புறம், அவருடைய 292 ட்ரைகிளிசரைடில் பெரும் பங்கு கூல்டிரிங்ஸும் சர்க்கரை டீயும்தான் என்று நினைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்ததால் கொஞ்சம் கூடியிருக்கும், ஆனால் அதனால் மட்டும் இவ்வளவு ஏறியிருக்காது. கூல்டிரிங்ஸை நிறுத்தித் தண்ணீரும் இனிப்பில்லாத லபன் மோரும் குடிக்கட்டும். கரக்கை ஒன்றாகக் குறைத்து, மற்றது பால் விடாத சுலைமானி டீ, சர்க்கரை பாதி.

செல்வி_கொழிஞ்சாம்பாறை
அப்போ ஊரிலிருந்து நான் என்ன கொடுத்தனுப்பலாம்?

மெஸ்_மணி_பாலக்காடு
வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை. ரெண்டும் கெடாது, பங்கு கேட்கிறவனுக்கும் கொடுக்கலாம். உப்பு போடாமல் வறுத்துக் கொடுங்கள் தங்கச்சி.

சிஸ்டர்_கூடலூர்
அதோடு இசப்கோல். தினம் 10 கிராம் போலச் சாப்பிட்டால் எல்.டி.எல் ஐந்து முதல் ஏழு சதவீதம் இறங்கும். பாதி அளவில் தொடங்கி மெல்ல ஏற்றணும். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு சாயங்காலம் அறையில் குடிக்கட்டும், சைட்டில் வேண்டாம். தண்ணீர் போதாமல் வெயிலில் நின்றால் வயிற்றில் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். வேறு மாத்திரை இருந்தால் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடணும்.

ராஜா_புளியரை
ஐந்து, ஏழு சதவீதம்! சிஸ்டர், 159இல் ஏழு சதவீதம் போனால் 148. எனக்கு மாத்திரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

சிஸ்டர்_கூடலூர்
இசப்கோல் மட்டும் என்றால் உங்கள் கணக்கு சரி அண்ணா. நிறைவுற்ற கொழுப்பையும் குறைத்தால் இன்னொரு பத்து சதவீதம் வரை இறங்கலாம். அப்படியானால் 159 சுமார் 133க்கு வரும். சிலருக்கு அவ்வளவு இறங்காது. அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமே மூன்றில் ஒன்றுக்கு மேல் இறக்கும் என்பதும் உண்மை. எல்.டி.எல் 190க்கு மேல் இருந்தால் நானே காத்திருக்க வேண்டாம் என்பேன். இங்கே அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருக்கிறது, அது மாத்திரைப் பக்கம் தள்ளுகிறது. ஆனால் அதற்கு முன்னால் வெறும் வயிற்றில் ஒரு தடவை பார்க்கணும், கூடவே மூன்று மாதச் சர்க்கரையும் தைராய்டும். தைராய்டு குறைவாக இருந்தாலும் எல்.டி.எல் ஏறும், அதைச் சரிசெய்தால் தானாகவே இறங்கும். சர்க்கரை இருந்தால் மாத்திரை உடனே வேண்டும் என்றுதான் டாக்டர் சொல்வார். இல்லை என்றால் மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது என் எண்ணம்.

ராஜா_புளியரை
மூன்று மாதம் என்பார்கள், மறு சோதனைக்கு லீவு கிடைக்காது, அது ஒரு வருஷம் ஆகும். கேம்ப் வாழ்க்கை அப்படித்தான் நழுவும். நான் இருந்த இடத்தில் அப்படித்தான் நடந்தது.

சிஸ்டர்_கூடலூர்
அந்தப் பயம் நியாயம்தான், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மறு சோதனைத் தேதியைக் கிளினிக் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் செல்வி. மாத்திரை ஆரம்பித்தால் நம்பர் இறங்கியதும் நிறுத்தக் கூடாது, நிறுத்தின சில வாரங்களில் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஊரிலிருந்து வாங்கிப் போவதானால் டாக்டர் சீட்டோடு, அசல் அட்டையிலேயே கொண்டுபோகணும். தசை வலி புதிதாக, இரண்டு பக்கமும், காரணமில்லாமல் வந்தால் சொல்லணும். கம்பி வேலையில் உடம்பு வலி எப்போதும் இருப்பதால் இவர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடும்.

தேங்காய்ப்பட்டணம்_ஜோ
தேங்காய் எண்ணெய் விஷயத்தில் எனக்கு இன்னும் சம்மதமில்லை சிஸ்டர். ஆனால் சிப்ஸ் பற்றிச் சொன்னது சரிதான்.

செல்வி_கொழிஞ்சாம்பாறை
அவரிடம் இப்போதுதான் பேசினேன். வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றில் பார்க்கப் போகிறார். தைராய்டு அங்கே பார்ப்பதில்லை, வெளியே போகணும் என்கிறார்கள். மெஸ்ஸில் பரிமாறுகிறவர் திருச்சூர்க்காரராம், எண்ணெய் தள்ளிப் போடச் சொன்னதற்கு ஒத்துக்கொண்டாராம்.