பலவீனக் கேள்விக்கு உண்மையைச் சொல்லலாமா?

புதுநிரலர்: "எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்யப் பார்ப்பேன், அதுவே என் பலவீனம்" என்று இரண்டு நேர்காணல்களில் சொன்னேன். இரண்டிலும் கேட்டவரின் முகம் வாடியது. தோல்வியைப் பற்றிக் கேட்டபோதும் எழுதிப் படித்ததையே ஒப்பித்தேன். உண்மையைச் சொன்னால் வேலை கைநழுவாதா?

எச்சரிக்கைவாதி: நேர்காணல் வாக்குமூலம் வாங்கும் இடம் அல்ல. என்னுடன் பணிபுரிந்த ஒருவர், டெஸ்ட் எழுதுவது தமக்குச் சலிப்பு என்று மனம்திறந்து சொன்னார். பேச்சு அத்துடன் முடிந்தது. அந்த வேலைக்கு உயிர்நாடியான திறமையைப் பலவீனமாகச் சொல்லக் கூடாது. தயாரித்த பதிலே பாதுகாப்பு. அதைச் சற்றுத் தடுமாறிச் சொல்லப் பழகினால் போதும்.

பழைய தேர்வாளர்: முதற்பாதியை ஒப்புக்கொள்கிறேன், தடுமாற்றத்தை நடிப்பது மட்டும் வேண்டாம். தயாரித்து வருவது குற்றமே அல்ல. ஒப்பிப்பது வெளிப்படுவது முதல் பதிலில் அல்ல, அதை ஒட்டி நாங்கள் கேட்கும் இரண்டாவது கேள்வியில்தான்.

ஒருவர் தம் தோல்வியாக இதைச் சொன்னார். பெரிய ஆர்டர் டேபிள் ஒன்றுக்கு, பகல் நேரத்தில், மைக்ரேஷன் வழியாக இண்டெக்ஸ் சேர்த்திருக்கிறார். போஸ்ட்கிரெஸில் சாதாரண `CREATE INDEX` ஓடி முடியும்வரை அந்த டேபிளில் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும். டெஸ்ட் டேட்டாபேஸில் சில ஆயிரம் வரிகளே இருந்ததால் அங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்திருக்கிறது. நேரலையிலோ புதிய ஆர்டர்கள் பதினொரு நிமிடங்கள் வரிசையில் நின்றன. "முதலில் எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். பக்கங்கள் வழக்கம்போலத் திறந்ததால் முதல் நான்கு நிமிடங்கள் பேமென்ட் சேவையையே சந்தேகித்ததாகவும், தம் மைக்ரேஷன் நினைவுக்கு வந்தபின் டீம் லீடிடம் சொல்ல ஒரு நிமிடம் தயங்கியதாகவும் சொன்னார். அந்தத் தயக்கத்தை யாரும் எழுதிவைத்துப் படிப்பதில்லை.

எச்சரிக்கைவாதி: `lock_timeout` வைத்திருந்தால் அந்தப் பதினொரு நிமிடமே நேர்ந்திராதே. அதைக்கூட அறியாதவரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

பழைய தேர்வாளர்: அது பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தைத்தான் கட்டுப்படுத்தும், கிடைத்த பூட்டை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை அன்று. இவருடைய மைக்ரேஷனுக்குப் பூட்டு உடனே கிடைத்துவிட்டது. `lock_timeout` பற்றி அவரிடமும் கேட்டேன். மறுநாள் தாங்களும் அதைத்தான் முதலில் சேர்த்ததாகவும், அது பயன்படாது என்பதை ரிவ்யூவில் மற்றொருவர் சுட்டிக்காட்டிய பிறகே எழுதுவதைத் தடுக்காமல் உருவாக்கச் சொல்லும் `CONCURRENTLY` இல்லாத இண்டெக்ஸை மெர்ஜுக்கு முன்பே தடுக்கும் சோதனையை எழுதியதாகவும் சொன்னார். தவறைத் திருத்தப் போய் மீண்டும் தவறியதைச் சொன்னாரே, அங்கேதான் அவருக்கு மதிப்பெண் கூடியது.

இடைவெளிக்காரர்: என் நிலையும் இதுதான். உடல்நலக் காரணத்தால் இரண்டு ஆண்டுகள் வேலையில் இல்லை. இதையே தோல்வியாகச் சொல்லிவிடலாம் அல்லவா?

பழைய தேர்வாளர்: அது தோல்வியே அல்லவே, நண்பரே. நீங்கள் முடிவெடுத்து, அது பிசகி, மற்றவர்கள் விளைவைச் சுமந்த ஒன்றைத்தான் கேட்கிறார்கள். இடைவெளியைப் பற்றித் தனியாகக் கேட்டால் ஒரு வரியில் சொல்லி நகருங்கள்.

புதுநிரலர்: தோல்விக்கு ஒரு சம்பவம் இருக்கும். பலவீனத்துக்கு எதைச் சொல்வது? சிக்கலில் மாட்டினால் யாரிடமும் கேட்காமல் நாள்கணக்கில் நானே மல்லுக்கட்டுவேன். ஒன்றரை மணி நேரம் நகராவிட்டால் கேள்வியை எழுதி டீமுக்கு அனுப்புவது என்று இப்போது வைத்திருக்கிறேன்.

பழைய தேர்வாளர்: நல்ல பலவீனம். கடைசியாக எப்போது அந்த விதியை மீறினீர்கள்?

புதுநிரலர்: சென்ற வாரம். டைம்ஜோன் பிழை ஒன்றில் ஒரு முழு நாள் போயிற்று. கேட்டபோது சக ஊழியர் பத்து நிமிடத்தில் காட்டிவிட்டார்.

எச்சரிக்கைவாதி: இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். திருந்தவில்லை என்றல்லவா பொருள்? கோடே எழுதாத மனிதவளத் துறையினர் நடத்தும் முதல் சுற்றில், படிவத்தில் 'மேம்பட்டுள்ளாரா' என்ற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்று விழும். அங்கே உங்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்க யாரும் இருப்பதில்லை, தேர்வாளரே.

பழைய தேர்வாளர்: அந்தச் சுற்றைப் பற்றி நீங்கள் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. அங்கே பலவீனத்தையும் ஒன்றரை மணி நேர விதியையும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கோட் எழுதுபவர் எதிரே அமர்ந்து "கடைசியாக எப்போது?" என்று கேட்டால், சென்ற வாரத்தைத்தான் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சியைச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எச்சரிக்கைவாதி: நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் சந்தித்த தேர்வாளர்களில் பலர் நம்பினார்கள்.