விற்பனை ஒரே அளவு, ஆனால் ஜூன் லாபம் எகிறி ஜூலையில் படுத்துவிட்டது. எங்கே பார்ப்பது?

புதுக்கணக்கர்: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், டாலிதான். மே லாபம் 1,62,000, ஜூன் 2,91,000, ஜூலை 28,000. விற்பனை மூன்று மாதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாளி ஜூன் லாபத்தை நம்பி மெஷினுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறார், அதற்குள் காரணம் தெரிய வேண்டும்.

கட்டிங் மாஸ்டர்: துணி திருட்டுப் போயிருக்கும் தம்பி. எங்கள் யூனிட்டில் அப்படித்தான் ஆனது, வாட்ச்மேனை விசாரியுங்கள்.

பழைய பேரேடு: திருட்டு என்றால் ஜூன் லாபம் ஏன் கூட வேண்டும்? லாப நட்டக் கணக்கைத் திறந்து `Alt+N` அழுத்தி மாதவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதாமாதம் வர வேண்டிய செலவு எந்த மாதத்தில் காலியாக இருக்கிறது, அடுத்த மாதம் எது இரட்டிப்பாக இருக்கிறது?

புதுக்கணக்கர்: கிடைத்துவிட்டது அண்ணா! சாயக்கூலி மே 1,38,000, ஜூன் ஒன்றுமே இல்லை, ஜூலை 2,64,000. சாயப்பட்டறை வழக்கமாக மாதக் கடைசியில் பில் கொடுத்துவிடும், இந்த முறை ஜூலை 4 தேதியிட்டு 1,30,000க்கு வந்திருக்கிறது. டெலிவரி சலானை எடுத்துப் பார்த்தால் 1,300 கிலோவும் ஜூன் 12க்கும் 28க்கும் நடுவில் வந்த துணி. அதை ஜூலையிலிருந்து எடுத்து ஜூனில் வைத்தால் ஜூன் லாபம் 1,61,000, ஜூலை 1,58,000.

வரவுசெலவு: அப்புறம் என்ன, பில் தேதியை ஜூன் 30 என்று மாற்றிவிடுங்கள்.

பழைய பேரேடு: ஜூன் செலவு என்பது சரி, தேதியைத் தொடக் கூடாது. அவர்கள் ஜூலை 4 பில்லாகத்தான் ஜிஎஸ்டியில் காட்டுவார்கள், உங்கள் `GSTR-2B`யோடு ஒத்துப்போகாது. ஜூன் 30இல் `F7` ஜர்னல்: சாயக்கூலி பற்று 1,30,000, கொடுபட வேண்டிய செலவு வரவு 1,30,000. இதில் ஜிஎஸ்டி சேர்க்காதீர்கள், அது பில்லோடு வரட்டும். ஜூலை 1இல் இதே ஜர்னலைத் திருப்பிப் போட்டுவிட்டால் ஜூலை 4 பில் ஜூலை லாபத்தைத் தொடாது. பில் வராத சலான்களை மாதக் கடைசியில் ஒரு கட்டாக எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை முன்னாடியே தெரிந்துவிடும்.

ஒன்று கேட்கிறேன், அந்த 1,300 கிலோவும் ஜூனிலேயே விற்றுவிட்டதா?

புதுக்கணக்கர்: 300 கிலோ ஜூன் 30இல் குடோனில் இருந்தது.

பழைய பேரேடு: அப்படியென்றால் இருப்புப் பட்டியலைப் பாருங்கள். அந்த 300 கிலோவுக்குச் சாயம் போட்ட துணியின் விலை போட்டிருந்தால் 1,61,000 சரி. சாயம் போடாத விலை போட்டிருந்தால் இருப்பில் 30,000 கூட்ட வேண்டும், ஜூன் லாபம் 1,91,000 ஆகும், ஜூலை அந்த அளவுக்கு இறங்கும்.

வரவுசெலவு: இப்படி மாதாமாதம் எழுதித் திருப்பினால் டிடிஎஸ் ஜூனிலேயே பிடிக்க வேண்டுமா, பில் வந்த பிறகா? எங்கள் ஆடிட்டர் ஒன்று சொல்கிறார், பக்கத்து ஆபீஸில் வேறு சொல்கிறார்கள்.

புதுக்கணக்கர்: அதையும் ஆடிட்டரிடம் கேட்கிறேன். இருப்புப் பட்டியல் குடோன்காரரிடம் இருக்கிறது, திங்கள்கிழமைதான் வருவார். முதலாளியிடம் 2,91,000 இல்லை என்று மட்டும் இப்போதே சொல்லிவிட்டேன், முன்பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்.