பகுதியழுத்தமா, பங்கழுத்தமா, தனியழுத்தமா?

டியூஷன் ஆசிரியை, சுங்கை சிப்புட்:
வணக்கம். எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கான குறிப்பில், வாயுக் கலவையில் ஒரு வாயு மட்டும் தரும் அழுத்தத்தை, அதாவது partial pressure-ஐ, ‘பகுதியழுத்தம்’ என்று எழுதினால், நைட்ரஜன் கலனின் ஒரு பகுதியில் மட்டும் இருப்பதாகப் படம் வரைகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு வாயுவும் கலன் முழுக்கப் பரவியிருக்கிறது. வேறு நல்ல சொல் உண்டா?

கல்லூரி மாணவர்:
பங்கழுத்தம் என்று வைக்கலாம் டீச்சர். 28 கிராம் நைட்ரஜனும் 4 கிராம் ஹீலியமும் இருந்தால், மொத்த அழுத்தத்தில் எட்டில் ஏழு பங்கு நைட்ரஜனுடையது.

ஓய்வுபெற்ற வேதியியல் விரிவுரையாளர்:
பங்கு என்பது சரிதான் தம்பி, ஆனால் எடையை வைத்துப் பங்கு பிரிக்கக் கூடாது. 28 கிராம் நைட்ரஜன் ஒரு மோல், 4 கிராம் ஹீலியமும் ஒரு மோல். மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம், ஆகவே மோல் பின்னம் இரண்டுக்கும் 1/2. இவற்றை 25 லிட்டர் கலனில் 27 டிகிரியில் அடைத்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் தரும், மொத்தம் 200.

இப்போது அதே கலனில் ஒரு மோல் ஆர்கானைச் செலுத்துங்கள். மொத்தம் 300 ஆகிறது. நைட்ரஜனின் மோல் பின்னம் 1/3 ஆகக் குறைகிறது. அதன் அழுத்தமோ 100-இலேயே நிற்கிறது, ஏனெனில் 300-இல் மூன்றில் ஒன்று 100. ‘பங்கு’ என்றால் புதிதாக ஒருவர் வந்ததும் குறையும் என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். தனியாக இருந்தாலும் அதே அழுத்தம் என்பதால் ‘தனியழுத்தம்’ பொருத்தம்.

செம்பனை ஆலை பாய்லர்மேன்:
ஐயா, பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் எங்கள் ஸ்டெரிலைசரில் மீட்டர் 3 பார் காட்டுகிறது, ஆனால் குலையிலிருந்து பழம் சரியாக உதிர்வதில்லை. மீட்டர் கெட்டுவிட்டதா? எந்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்?

விரிவுரையாளர்:
மீட்டரைக் குறை சொல்லும் முன், உள்ளே காற்று மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரின் 3 பாருடன் வெளிக்காற்றின் 1 பாரைக் கூட்டினால் உள்ளே மொத்தம் 4. எல்லாமே நீராவி என்றால் வெப்பம் சுமார் 144 டிகிரி. மூலக்கூறுகளில் கால்வாசி காற்று என்றால் நீராவிக்கு 3 பார்தான், வெப்பம் சுமார் 134 டிகிரியில் நின்றுவிடும். மீட்டர் இரண்டையும் சேர்த்தே காட்டும், பிரித்துச் சொல்லாது. கண்டுபிடிக்க, மீட்டர் காட்டும் அழுத்தத்துடன் வெளிக்காற்றின் 1 பாரைக் கூட்டி, அந்த மொத்த அழுத்தத்துக்கு உரிய வெப்பத்தை நீராவி அட்டவணையில் பார்த்து, உள்ளே இருக்கும் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். தெர்மாமீட்டர் குறைவாகக் காட்டினால், தொடக்கத்தில் காற்றை இன்னும் நேரம் வெளியேற்ற வேண்டும். பழம் உதிராததற்கு வேறு காரணமும் இருக்கலாம், காய் முதிராமல் வெட்டியிருந்தாலும் இப்படி ஆகும்.

ஆசிரியை:
ஐயா, இந்தக் கணக்கிலேயே தனியழுத்தத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கெல்வினில் அளப்பதைத் ‘தனி வெப்பநிலை’ என்று பாடநூலில் படித்தவர்கள், வெளிக்காற்றைக் கூட்டி வந்த அந்த 4 பாரைத்தான் தனியழுத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மாணவர்:
அப்படியானால் ‘தன்னழுத்தம்’? ஒவ்வொரு வாயுவும் தன்னால் தரும் அழுத்தம்.

விரிவுரையாளர்:
பொருள் சரியாக வருகிறது. ஆனால் தேர்வுத் தாளில் வேறு சொல் இருந்தால் பிள்ளைகள் திணறுவார்களே. ‘பகுதியழுத்தம்’ என்றே வைத்து, ஆர்கான் கணக்கை முதல் பக்கத்தில் போடலாமா என்றும் தோன்றுகிறது. ‘மோல் பின்னம்’ என்ற சொல்லை மாற்ற வேண்டாம். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?