கடப்பாட்டுத் தொகையா, உறுதித் தொகையா?

நல்லூர், மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். மேகக்கணிமைச் சேவைக்கான மூன்றாண்டு ஒப்பந்தம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வாங்குபவர் முதலாம் ஆண்டில் 12 இலட்சம், இரண்டாம் ஆண்டில் 18 இலட்சம், மூன்றாம் ஆண்டில் 24 இலட்சம் ரூபாய்க்குச் சேவையைப் பாவிப்பதாக ஒப்புக்கொள்கிறார். அதை 'உறுதித் தொகை' என்று எழுதினேன். வாசித்த முதலாளி, "இது எங்கள் மதிப்பீடு தானே?" என்று கேட்டார். குறைவாகப் பாவித்தாலும் முழுதாகக் கட்டவேண்டிய தொகை என்பதை என் சொல் அவருக்கு உணர்த்தவில்லை. வேறு சொல் தாருங்கள். தொகை ஆண்டுதோறும் ஏறுவதைப் 'படியேற்ற விலை' என்று எழுதியிருக்கிறேன், அதுவும் சரியா?

சாவகச்சேரி, கமக்காரர்:
தம்பி, குத்தகை என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே. வயல் விளைந்தாலும் பொய்த்தாலும் குத்தகையைக் கொடுத்தே ஆகவேண்டும். 'குத்தகைத் தொகை' என்று எழுதுங்கள்.

கொக்குவில், கணக்காளர்:
ஐயா சொல்வது பாதி பொருந்துகிறது. குறைவாகப் பாவித்தாலும் முழுத்தொகையும் கட்ட வேண்டும். ஆனால் குத்தகையில் கூடுதல் விளைச்சல் குத்தகைக்காரருக்கே சேரும். இங்கே கூடுதல் பாவனைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். 'கடப்பாட்டுத் தொகை' என்பதே என் பரிந்துரை. கடப்பாடு என்றால் தட்டிக்கழிக்க முடியாதது என்று யாருக்கும் விளங்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 20 வீதக் கழிவு விலையில் முதலாம் ஆண்டில் 15 இலட்சத்துக்குப் பாவித்தார்கள் என்போம். மேலதிகமான 3 இலட்சத்துக்குக் கழிவு கிடையாது என்று ஒப்பந்தம் சொன்னால், அது முழு விலையில் 3.75 இலட்சமாகிவிடும். இரண்டாம் ஆண்டிலும் பாவனை 15 இலட்சம் தான்; ஆனாலும் 18 கட்ட வேண்டும். இரண்டு ஆண்டுகளின் பாவனை 30, கடப்பாடும் 30. கட்டியதோ 33.75 இலட்சம்! ஆண்டுக்கு ஆண்டு தனித்தனியாகக் கணக்கை மூடுவதுதான் காரணம். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் 30 உடன் முடிந்திருக்கும். ஆகவே 'ஆண்டுக் கடப்பாடு', 'மொத்தக் கடப்பாடு' என்று இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும்.

சுன்னாகம், கடை உரிமையாளர்:
எங்கள் மின்சாரப் பட்டியலிலும் அலகு கூடக் கூட விலை ஏறுகிறது. 'படியேற்ற விலை' என்பது இதுதானா? போன மாதம் எனக்கு வந்த பட்டியலைப் பார்த்துத் திகைத்துப்போனேன்.

கொக்குவில், கணக்காளர்:
இல்லை அண்ணை. உங்கள் பட்டியலில் ஒரே மாதத்துக்குள் பாவனையைப் பொறுத்து விலை ஏறுகிறது. இங்கே பாவனை எப்படி இருந்தாலும் ஆண்டு பிறந்ததும் தொகை ஏறிவிடும். ஆனால் உங்கள் கேள்வி ஒரு குறையைக் காட்டிவிட்டது. சில ஒப்பந்தங்களில் அலகு விலையும் ஆண்டுதோறும் ஏறும். எனவே 'படியேறு கடப்பாடு' வேறு, 'படியேறு விலை' வேறு.

நல்லூர், மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. 'கடப்பாட்டுத் தொகை' என்று மாற்றிவிட்டேன். மேலதிகத்துக்கு 'மிகைக் கட்டணம்' என்று எழுத மனம் ஒப்பவில்லை, தண்டப்பணம் போல ஒலிக்கிறது. 'மேலதிகப் பாவனைக் கட்டணம்' நீளம் தான், ஆனாலும் இப்போதைக்கு அதையே வைத்திருக்கிறேன். மூல ஒப்பந்தத்தில் ஆண்டுக் கணக்கா, மொத்தக் கணக்கா என்று எந்த வரியும் இல்லை. கையெழுத்திட முன்னர் விற்பவரிடம் எழுத்தில் கேட்குமாறு முதலாளியிடம் இன்றே சொல்கிறேன்.