செக்கு நல்லெண்ணெய், ரீஃபைண்ட் தேங்காய் எண்ணெய்: சட்டியில் ஊற்றியதும் வாயில் கொப்பளித்ததும்

மதுரைக்காரி, இப்போது சென்னையில்

பிறந்தது மதுரை, வாழ்க்கைப்பட்டது நாகர்கோவில். அம்மா வீட்டில் தோசைக்கும் தாளிப்புக்கும் நல்லெண்ணெய்தான். மாமியார் வீட்டில் அவியல் முதல் அப்பளம் வரை தேங்காய் எண்ணெய். சென்னைக்கு வந்த பிறகு மில் எண்ணெய் கிடைக்கவில்லை என்று ரீஃபைண்ட் தேங்காய் எண்ணெய்ப் பாக்கெட்டுக்கு மாறினோம். வாசனை இல்லாததால் பிள்ளைகளுக்கும் பிடித்துப்போனது.

போன வருடம், "இனி எல்லாமே செக்கு நல்லெண்ணெய்" என்று முடிவெடுத்து ஐந்து லிட்டர் வாங்கினேன். முதல் நாள் வத்தக்குழம்பு வைத்தேன். எண்ணெய் பிரிந்து மேலே நின்ற அழகைப் பார்த்து மாமியாரே இரண்டாவது தடவை ஊற்றிக்கொண்டார். மறுநாள் அதே எண்ணெயில் உளுந்து வடை போட்டேன். இரண்டாவது ஈட்டிலேயே நுரை பொங்கி விளிம்புவரை வந்துவிட்டது. அடுப்பை அணைத்துப் பார்த்தால் வாணலியின் அடியில் கறுப்பாக மண்டி, வடையில் லேசான கசப்பு. கலப்படமோ என்று பயந்துவிட்டேன்.

இன்னொன்று, கடைவாய்ப் பல் வலி. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள் என்று வெறும் வயிற்றில் இருபது நிமிடம் எண்ணெய் கொப்பளித்தேன். ஒரு மாதம் நல்லெண்ணெய், ஒரு மாதம் தேங்காய் எண்ணெய். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருவது குறைந்தது, காலையில் வாய் நாற்றமும் குறைந்தது. ஆனால் பல் வலி நின்றபாடில்லை. கடைசியில் ரூட் கேனால்தான். சமையலுக்கு எதை வைத்துக்கொள்வது, கொப்பளிப்பதைத் தொடரலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

காங்கேயம் பக்கம் செக்கு வைத்திருப்பவர்

அக்கா, அது கலப்படம் இல்லை. ஆட்டிய எண்ணெய் தெளியவில்லை, அவ்வளவுதான். செக்கில் எள் அரைபடும்போது பொடித்தூளும் ஈரமும் எண்ணெயோடு வந்துவிடும். வெயிலில் நாலைந்து நாள் அசையாமல் வைத்தால் மண்டி அடியில் இறங்கும், மேல் எண்ணெயை மட்டும் ஊற்றி எடுக்க வேண்டும். அவசரத்தில் மறுநாளே விற்றால், அந்த ஈரம்தான் சட்டியில் நுரையாகும், தூள்தான் கருகிக் கசக்கும். வீட்டில் மிச்சம் இருந்தால் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஜன்னலோரம் வையுங்கள், மண்டி தனியாகத் தெரியும். தெளிந்தாலும் செக்கு எண்ணெயைப் புகைய விடாதீர்கள். ரீஃபைண்ட் தாங்குகிற சூட்டை இது தாங்காது.

கருப்பட்டி போடுவதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பத்துக் கிலோ எள்ளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ போடுகிறோம். அது எண்ணெயில் கரையாது, புண்ணாக்கோடு போய்விடும். அதன் பிசுக்கில் அரைத்த எள் திரண்டு எண்ணெயைக் கக்கும், அதற்குத்தான் போடுகிறோம்.

விலையை வைத்தும் கண்டுபிடிக்கலாம். பத்துக் கிலோ எள் ஆட்டினால் எனக்கு நாலு லிட்டர் சொச்சம் வரும். அதாவது லிட்டருக்கு இரண்டரைக் கிலோ எள். எள் கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் எள்ளுக்கே 500 ரூபாய். புண்ணாக்கு விற்றுக் கொஞ்சம் திரும்பி வரும், ஆட்டுக்கூலிக்கும் கருப்பட்டிக்கும் அது சரியாகிவிடும். அப்படியிருக்க 300 ரூபாய்க்கு "மரச்செக்கு நல்லெண்ணெய்" என்று ஒருவர் தந்தால் அதில் எள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கேளுங்கள்.

கோவை, யோகா வகுப்பு எடுப்பவர்

நான் பத்து வருடமாகத் தேங்காய் எண்ணெய்தான். பொரிக்க அதை மிஞ்ச முடியாது, சீக்கிரம் சிக்குவாடை வராது. அதில் கொலஸ்ட்ரால் துளியும் இல்லை, அதனால் இதயத்துக்கும் பயமில்லை. கொப்பளித்துத் துப்பும்போது பால் போல வெள்ளையாக வருகிறதே, அது உடம்பிலிருந்து இறங்கும் நச்சு. மஞ்சளாக வந்தால் இன்னும் ஐந்து நிமிடம் கொப்பளிக்க வேண்டும்.

திருச்சி

கொலஸ்ட்ரால் இல்லை என்பது சரி, பயமில்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்குதான். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அந்தக் கொழுப்புதான். அப்பாவுக்கு எல்.டி.எல். 128 இருந்தது. வீட்டில் எல்லாவற்றுக்கும் ரீஃபைண்ட் தேங்காய் எண்ணெய் என்று மாறி நாலு மாதம் கழித்துப் பார்த்தால் 149. ஆனால் அதே சமயத்தில் நேந்திரம் சிப்ஸும் வீட்டில் நிறையப் புழங்கியது, நடைப்பயிற்சியும் மழையில் நின்றுபோனது. அதனால் முழுப் பழியையும் எண்ணெய் மேல் போட எனக்கு மனமில்லை. நல்லெண்ணெய்க்குத் திரும்பிவிட்டோம், அடுத்த பரிசோதனை தை மாதம்.

திருவண்ணாமலைப் பெரியவர்

நல்லெண்ணெய்க்கு ஈடு எதுவும் இல்லை. சனிக்கிழமை தவறாமல் தலைக்கு வைத்து, சீயக்காய் போட்டுக் குளிக்கிறேன். கண் எரிச்சல் போய்விட்டது. நாலு சொட்டு உச்சந்தலையில் வைத்துப் பாருங்கள் அம்மா.

தஞ்சாவூர், பல் மருத்துவர்

ஐயா, அவர் கேட்டது வாய்க்கு. குளியல் நல்லதுதான், தொடருங்கள்.

கோவை சகோதரிக்கு: அந்த வெள்ளை நிறம் நச்சு இல்லை. ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிப் பலமாகக் குலுக்குங்கள், அதுவும் வெளுக்கும். வைத்துவிட்டால் சீக்கிரம் பிரியும். வாயில் எச்சில் அதைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது, அதுதான் வித்தியாசம். இருபது நிமிடம் கொப்பளித்தால் எந்த எண்ணெயும் மெலிந்து வெளுக்கும்.

பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. சென்னையில் வளரிளம் பையன்கள் 20 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. பத்து நாள் நல்லெண்ணெய் கொப்பளித்தவர்களுக்குப் பல்லில் படியும் அழுக்கும் ஈறு வீக்கமும் குறைந்தன. மதுரை சகோதரிக்கு ரத்தம் குறைந்ததும் அப்படித்தான் இருக்கும். ஆனால் 20 பேர், பத்து நாள் என்பதை மறக்காதீர்கள். அழுக்கு குறைவது வேறு, சொத்தை ஆறுவது வேறு. குழி விழுந்த பல்லின் உள்ளே எண்ணெய் போய் எதையும் சரிசெய்யாது. என்னிடம் வருபவர்களில், இரண்டு மூன்று மாதம் கொப்பளித்துவிட்டு, அடைப்பு வைத்து முடிந்திருக்க வேண்டிய பல்லை நரம்புவரை கெடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. சூடாகக் குடித்தால் வலி விடாமல் துடிக்கிறதா, இரவில் எழுப்புகிறதா, அன்றைக்கே வந்துவிடுங்கள்.

ஒரு தேக்கரண்டி போதும். தொண்டைக்குள் விட்டுக் கரகரக்காதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலில் அழற்சி வரும். சிறு பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். அப்புறம் வழக்கம்போல் பிரஷ் செய்யுங்கள், எண்ணெய் அதற்கு மாற்று இல்லை.

கோவை, யோகா வகுப்பு எடுப்பவர்

பாட்டிலில் குலுக்கிப் பார்த்தேன். வெளுத்தது. ஆனாலும் காலையில் கொப்பளித்த பிறகு வருகிற அந்தப் புத்துணர்ச்சியை விட எனக்கு மனம் வரவில்லை டாக்டர்.

மதுரைக்காரி

அண்ணா சொன்னபடி மிச்சமிருந்த எண்ணெயை பாட்டிலில் ஊற்றி வைத்தேன். நாலாம் நாள் அடியில் விரல் அகலத்துக்கு மண்டி, மேலே தேன் நிறத்தில் எண்ணெய். நேற்று அதில் பணியாரம் ஊற்றினேன், நுரையும் இல்லை கசப்பும் இல்லை. குழம்புக்கும் தோசைக்கும் இட்லிப்பொடிக்கும் இனி நல்லெண்ணெய். எப்போதாவது போடும் வடை அப்பளத்துக்கு மட்டும் அரை லிட்டர் ரீஃபைண்ட் தேங்காய் எண்ணெய். பல்லுக்குப் போன வாரம் கேப் போட்டாச்சு. கொப்பளிப்பதைப் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொண்டேன், அதுவும் ஈறுக்காகத்தான்.

டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும். கேப் போட்ட பக்கத்தில் எண்ணெய் பட்டால் ஒட்டு இளகுமா?